பதக்கக் கதையில் வறுமை எந்த இடத்தில் வர வேண்டும்?

கேள்வி: வறுமையான குடும்பத்திலிருந்து வந்த ஒரு பெண் 800 மீட்டர் ஓட்டத்தில் தேசிய அளவில் வெள்ளி வென்றிருக்கிறார். அவரைப் பற்றி எழுதும் வேலை எனக்கு வந்திருக்கிறது. "வீட்டுக்குப் போ, அம்மாவைப் பார், மனசைத் தொடுகிற மாதிரி எழுது" என்கிறார் ஆசிரியர். பரிதாபக் கதையாக முடிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் வறுமையைச் சொல்லாமல் விட்டால் அதுவும் பொய் மாதிரித் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்:

வீட்டுக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் அதற்கு முன்பு பந்தயத்தை முழுசாகப் புரிந்துகொண்டுவிடுங்கள். ஓட்டத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தவருக்குத்தான் வறுமை அந்த ஓட்டத்தில் எங்கே கை வைத்தது என்பது தெரியும். அந்த இடத்தில் அதை எழுதுங்கள்: எவ்வளவு பணம், எந்த வருடம், யார் கொடுக்கவில்லை, அதனால் எந்தப் பயிற்சி அல்லது எந்தப் போட்டி போனது என்று. ஓட்டத்தோடு தொடர்பே இல்லாத கஷ்டங்கள் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் நோட்டிலேயே இருக்கட்டும்.

800 மீட்டர் என்று சொல்லியிருக்கிறீர்கள், அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீராங்கனையின் நேரம் எனக்குத் தெரியாது. வேலை எப்படிப் போகும் என்று காட்ட நானாக ஒரு பந்தயத்தை உண்டாக்கிக்கொள்கிறேன்.

முடிவுத் தாளில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: தங்கம் 2:07.6, நம் பெண்ணுக்கு வெள்ளி 2:08.4. இதற்கு முன் அவருடைய சிறந்த நேரம் 2:11.2. ஆக, ஒரே நாளில் 2.8 விநாடி குறைத்திருக்கிறார். 800 மீட்டரில் இது பெரிய பாய்ச்சல். பெரும்பாலான செய்திகளில் இந்த எண் வரவே வராது. "தேசிய அளவில் வெள்ளி வென்று சாதனை" என்று ஒரு வரியோடு விளையாட்டை முடித்துவிட்டு, மிச்சத்தை வீட்டின் கூரைக்குக் கொடுத்துவிடுவார்கள். இந்த வகைச் செய்திகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். நிருபருக்கு ஓட்டத்தைப் பற்றி எழுத மூன்று வாக்கியம்கூடக் கையில் இருக்காது. வெற்றிடத்தை நிரப்பக் கண்ணீர் சுலபமாகக் கிடைக்கிறது.

அடுத்து பந்தயத்தின் வீடியோ. யாராவது ஒருவர் செல்போனில் எடுத்திருப்பார், கோச்சிடம் கேட்டாலே கிடைக்கும். 800 என்பது இரண்டு சுற்று. கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்போது முடிவுக்கோட்டை யார் எத்தனை விநாடியில் கடக்கிறார் என்று நீங்களே நிறுத்திப் பார்க்கலாம். கையால் எடுக்கிற நேரம் என்பதால் பத்தில் ஒன்றிரண்டு விநாடி முன்பின் இருக்கும். எழுதும்போது "சுமார் 63 விநாடி" என்று எழுதினால் போதும். நம் பெண் முதல் சுற்றை 62.9-இல் முடித்தார், இரண்டாவது சுற்றுக்கு 65.5 ஆனது. தங்கம் வென்றவர் முதல் சுற்று 64.0, இரண்டாவது 63.6. இந்த நான்கு எண்ணிலேயே பந்தயம் இருக்கிறது. மணி அடிக்கும்போது நம் பெண் ஏழு மீட்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். கடைசி நூறு மீட்டருக்குள் அந்த ஏழு மீட்டரும் கரைந்து, கோட்டைத் தொடும்போது ஐந்து மீட்டர் பின்னால் இருந்தார்.

அதாவது, தொடக்கத்திலிருந்து தனியாக முன்னால் ஓடியிருக்கிறார். 800-இல் இது துணிச்சலான ஓட்டம். முன்னால் போகிறவர் எதிர்க்காற்றைத் தானே தாங்க வேண்டும், வேகத்தைத் தானே முடிவு செய்ய வேண்டும். பின்னால் வருபவர்களுக்கு அந்த இரண்டு சிரமமும் குறைவு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா இப்படித்தான் ஆரம்பத்திலிருந்தே முன்னால் ஓடி 1:40.91 என்ற உலக சாதனையோடு வென்றார். முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. அவரும் இரண்டாவது சுற்றில் மெதுவாகத்தான் ஆனார், ஆனால் யாராலும் பிடிக்க முடியாத தூரத்தில் இருந்தார். நம் பெண்ணை ஒருவர் பிடித்துவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது கேட்க உங்களிடம் உண்மையான கேள்வி ஒன்று இருக்கிறது: ஏன் முன்னால் ஓடினீர்கள்?

"ஜெயித்தபோது என்ன தோன்றியது?" என்று கேட்டால் எல்லாரும் சொல்கிற பதில்தான் வரும். இந்தக் கேள்விக்கு அவர் நிமிர்ந்து உட்காருவார். ஒரு விளையாட்டு வீரரிடம் அவருடைய தொழிலைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்து பேசுகிற நிருபர் அபூர்வம். அவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "எனக்குக் கூட்டத்துக்குள்ள ஓடத் தெரியாது. ஹீட்ஸ்ல உள்பக்கமா மாட்டிக்கிட்டேன், வெளியே வரவே முடியலை, கஷ்டப்பட்டுத்தான் ஃபைனலுக்கு வந்தேன். அதனால கோச் ஃபைனல்ல முதல்லயே போயிடுன்னு சொன்னாரு."

இது விஷயம் தெரிந்த பதில். 800 மீட்டரில் முதல் வளைவு வரைக்கும்தான் அவரவர் லேன். அதற்குப் பிறகு எல்லாரும் உள்பக்கம் இறங்குவார்கள். முழங்கை இடிக்கும், முன்னால் ஒருவர், பக்கத்தில் ஒருவர் என்று சுவர் கட்டினமாதிரி ஆகிவிடும். அதிலிருந்து எப்போது ஒதுங்குவது, எப்போது பொறுத்திருப்பது என்பதைப் பயிற்சியில் ஓரளவுதான் கற்க முடியும். மிச்சத்தைப் போட்டிகளில் ஓடி ஓடித்தான் கற்க வேண்டும். எனவே அடுத்த கேள்வி தானாக வந்துவிடுகிறது: போன வருடம் எத்தனை 800 மீட்டர் பந்தயம் ஓடினீர்கள்? அவர் நான்கு என்கிறார். தங்கம் வென்றவரின் கணக்கைப் பார்த்தால் பதினொன்று.

ஏன் நான்கு? இந்தக் கேள்வியில்தான் வறுமை கதைக்குள் வருகிறது, யாரும் இழுத்துக்கொண்டு வராமல். வெளியூர்ப் போட்டி என்றால் அவருக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணச் செலவு, தங்கும் செலவு, நுழைவுக் கட்டணம். அம்மா துணைக்கு வந்தால் அந்த நாட்களின் கூலி போகும். ஒரு போட்டிக்கு மொத்தம் எவ்வளவு ஆனது, அது வீட்டின் எத்தனை நாள் வருமானம் என்று சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அந்தத் தொகையைச் செய்தியில் எழுதுங்கள். உதவித்தொகை ஏதாவது அறிவித்திருந்தார்களா, அது எந்த மாதம் வர வேண்டியது, எந்த மாதம் வந்தது என்று கேளுங்கள். போட்டிப் பருவம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த பணத்தால் அந்தப் பருவத்தில் ஓட முடியாது. இதைச் சொல்ல உருக்கமான மொழி எதுவும் தேவையில்லை.

இப்போது கோர்த்துப் பாருங்கள். பணம் இல்லாததால் பந்தயங்கள் குறைவு. பந்தயங்கள் குறைவானதால் கூட்டத்துக்குள் ஓடும் பழக்கம் இல்லை. பழக்கம் இல்லாததால் முன்னால் ஓடும் உத்தி. அந்த உத்தியில் தன் சிறந்த நேரத்தை 2.8 விநாடி முறியடித்தார், அதே உத்தியில் கடைசி நூறு மீட்டரில் தங்கத்தை விட்டார். இதைப் படிக்கிறவர் "அய்யோ பாவம்" என்று சொல்ல மாட்டார். "இன்னும் ஏழு பந்தயம் ஓடியிருந்தால்?" என்று யோசிப்பார், அப்புறம் "பணத்தை ஏன் நேரத்துக்குக் கொடுக்கவில்லை?" என்று கேட்பார். (தங்கம் கிடைத்திருக்கும் என்று மட்டும் நீங்கள் எழுதிவிடாதீர்கள். அது யாருக்கும் தெரியாது.)

இந்தச் சங்கிலி எல்லா வீரருக்கும் இப்படிக் கச்சிதமாக வராது. சிலருக்குப் போட்டி எண்ணிக்கையில் குறை இருக்காது, சத்தான சாப்பாட்டில் இருக்கும். சிலருக்கு மண் தடத்தில் பயிற்சி எடுத்துவிட்டு நேராகச் செயற்கைத் தடத்தில் ஸ்பைக்ஸ் போட்டு ஓடுவதில் கெண்டைக்காலில் வலி வந்திருக்கும். சிலருக்குப் பணக்கஷ்டம் இருந்தும் நல்ல விடுதியில் இடம் கிடைத்துவிட்டதால் கடந்த மூன்று வருடமாக விளையாட்டை அது தொடவே இல்லை என்றும் இருக்கலாம். அப்படியானால் அதையே எழுதுங்கள். விடுதியில் சேர்ந்த வருடத்திலிருந்து நேரம் எப்படி இறங்கியது என்று வருடவாரியாகப் போட்டாலே நல்ல செய்தி. வறுமை இருக்கிறது என்பதற்காகவே அது காரணமாகவும் இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

காரணத்தைத் தப்பாகப் பிடிப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு ஓர் உதாரணம் ஸ்வப்னா பர்மன். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லான் என்ற ஏழு போட்டித் தொகுப்பில் 6026 புள்ளிகளோடு தங்கம் வென்றவர். ஹெப்டத்லானில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம் அது. அப்பா ரிக்‌ஷா ஓட்டியவர், பிறகு பக்கவாதத்தில் படுத்துவிட்டார். ஸ்வப்னாவுக்குப் பொருத்தமான ஷூ இல்லை என்பது அப்போது எல்லாச் செய்தியிலும் வந்தது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஷூ வாங்கக்கூடக் காசு இல்லை என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அவருக்கு ஒவ்வொரு காலிலும் ஆறு விரல். கடையில் கிடைக்கிற ஸ்பைக்ஸின் அகலம் அந்தக் காலுக்குப் போதாது, குதித்து இறங்கும்போது வலிக்கும். கையில் பணம் இருப்பவரானாலும் அவருக்குத் தனியாகச் செய்துதான் ஆக வேண்டும். ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று இரண்டு நாளில் ஏழு போட்டி, எல்லாம் இறுக்குகிற ஷூவில். அதை விளக்கினாலே அவர் என்ன செய்து காட்டினார் என்பது புரிந்துவிடும். ரிக்‌ஷாவை ஷூவுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அந்த விளக்கம் காணாமல் போய்விடுகிறது.

"வெறுங்காலில் ஓடினார்" என்ற வரியையும் இப்படித்தான் விசாரிக்க வேண்டும். எந்த வயது வரை? எந்தத் தரையில்? புல்லில் வெறுங்காலோடு ஓடவைப்பதைப் பயிற்சியாகவே செய்கிற கோச்சுகள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், பழைய செய்தியில் இருந்தது என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது. வறுமைக் கதைகள் ஒரு செய்தியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வளரும். முதலில் "சில நாள் காலைச் சாப்பாடு இருக்காது" என்று வந்தது, மூன்றாவது செய்தியில் "பட்டினியோடு பயிற்சி" ஆகிவிடும். தினமும் இரண்டு வேளை பயிற்சி எடுத்து 2:08 ஓடுகிற பெண் பட்டினியில் இருந்தார் என்றால் உடலியல்படியே இடிக்கிறது என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். வீராங்கனையிடமே நேராகக் கேளுங்கள்: "இப்படி எழுதியிருக்கிறார்கள், சரியா?" பல பேர் சங்கடத்தோடு சிரித்துவிட்டுத் திருத்துவார்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

வெற்றி பெற்ற அன்றே போகாதீர்கள். அன்று அந்த வீட்டில் யாரும் "வேண்டாம்" என்று சொல்கிற நிலையில் இருக்க மாட்டார்கள். ஊரே கூடியிருக்கும், கேமராவை எங்கே வேண்டுமானாலும் திருப்பலாம் என்று ஆகிவிடும். பந்தயச் செய்தியை அன்றைக்கு எழுதிவிட்டு, வீட்டுக்கு இரண்டு நாள் கழித்துப் போனால் போதும். மகள் சம்மதித்தார் என்பதால் பெற்றோரும் சம்மதித்ததாக ஆகாது. கடன், அப்பாவின் குடிப்பழக்கம், தம்பியின் படிப்பு நின்றது, யாருக்கோ இருக்கும் நோய்: இவையெல்லாம் மற்றவர்களுடைய வாழ்க்கை. அவற்றை அச்சில் போட அந்தந்த ஆளிடம் கேட்க வேண்டும். வீராங்கனை 18 வயதுக்குக் கீழ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பத்து வருடம் கழித்து அவர் பெயரைத் தேடினாலும் இந்தச் செய்தி வந்து நிற்கும், அன்றைக்கு அவர் ஒரு வேலையில் இருப்பார், சக ஊழியர்கள் படிப்பார்கள். எழுதி முடித்த பிறகு குடும்பத்தைப் பற்றிய தகவல்களை மட்டும் போனில் ஒருமுறை படித்துக்காட்டிவிடுங்கள். மொத்தச் செய்தியையும் காட்ட வேண்டியதில்லை.

அம்மாவிடம் "எவ்வளவு கஷ்டப்பட்டீங்கம்மா?" என்று கேட்காதீர்கள். அதற்கு அழுகைதான் பதில், வேறு எதுவும் உங்களுக்குக் கிடைக்காது. அந்த அம்மா இந்த விஷயத்தில் ஒரு நிர்வாகி. காலை எத்தனை மணிக்கு மகளை எழுப்பினார், முட்டைக்கும் பாலுக்கும் வாரம் எவ்வளவு ஒதுக்கினார், அதற்காக எதை நிறுத்தினார், மகளை வெளியூருக்கு அனுப்புவதா என்று வீட்டில் வாக்குவாதம் வந்தபோது யார் என்ன சொன்னார்கள், கடைசியில் யார் முடிவெடுத்தார் என்று கேளுங்கள். குறைந்த பணத்தில் ஒரு தடகள வீராங்கனையை உருவாக்கியது எப்படி என்று அவரால் விவரமாகச் சொல்ல முடியும். அப்படி எழுதினால் படிக்கிறவர் கண்ணில் அவர் முடிவுகள் எடுத்த ஆளாகத் தெரிவார்.

படம் எடுக்கிறவரிடமும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். முதல் படம் தடத்தில், ஓடுகிற படம். வீட்டில் எடுப்பதாக இருந்தால் அவர்கள் எங்கே உட்கார்ந்து எடுத்துக்கொள்ள விரும்புகிறார்களோ அங்கே. பதக்கத்தைக் கழுத்தில் போட்டு அடுப்படியில் நிற்கச் சொல்வது, அவர் என்றைக்கோ விட்டுவிட்ட வேலையைக் கேமராவுக்காக மறுபடி செய்யச் சொல்வது, இதெல்லாம் நாடகம். செய்தியில் நாடகத்துக்கு இடமில்லை.

இன்னொரு பொறியும் உண்டு. விளையாட்டோடு சம்பந்தமே இல்லாத ஒரு வர்க்க அடையாளத்தைப் போகிற போக்கில் ஒட்டிவிடுவது. 2018 ஜூலையில் ஃபின்லாந்தின் டம்பரேயில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் ஹிமா தாஸ் ஓடிக்கொண்டிருந்தபோது, இந்தியத் தடகளக் கூட்டமைப்பின் ட்விட்டர் பக்கத்தில் அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு சரளமாக வராது என்று எழுதினார்கள். பாராட்டுகிற தொனியில்தான் எழுதினார்கள். எதிர்ப்பு வந்ததும் வருத்தம் தெரிவித்தார்கள். அவர் அங்கே செய்தது 400 மீட்டரை 51.46 விநாடியில் ஓடித் தங்கம் வென்றது. கடைசி வளைவில் பின்னால் இருந்தவர், நேர்ப்பாதையில் ஒவ்வொருவராகத் தாண்டினார். அதில் ஆங்கிலத்துக்கு என்ன வேலை? உங்கள் நோட்டிலும் இப்படி இரண்டு மூன்று வரி இருக்கும்: தயங்கித் தயங்கிப் பேசினார், பழைய சல்வார் போட்டிருந்தார் என்று. வசதியான வீட்டுப் பெண் வென்றிருந்தால் அந்த வரியை எழுதுவேனா என்று யோசித்துப் பாருங்கள். எழுத மாட்டேன் என்றால் அடித்துவிடுங்கள்.

முதல் பத்தியை எப்படி ஆரம்பிப்பது என்பதில்தான் ஆசிரியரோடு சண்டை வரும். அவர் எதிர்பார்ப்பது இந்த மாதிரி: "ஒழுகும் கூரை, ஒருவேளைச் சாப்பாடு. ஆனால் கனவுகளுக்கு வறுமை தடையில்லை என்று நிரூபித்திருக்கிறார்…" இதில் பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். நான் எழுதினால் இப்படி ஆரம்பிப்பேன்:

"மணி அடித்தபோது அவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் ஏழு மீட்டர் இருந்தது. கூட்டத்தில் சிக்காமல் ஓட அவருக்குத் தெரிந்த ஒரே வழி, கூட்டமே இல்லாத இடத்தில் ஓடுவது. அதனால் முதல் வளைவு முடிந்ததுமே முன்னால் போய்விட்டார். கடைசி நூறு மீட்டரில் ஒருவர் மட்டும் அவரைத் தாண்டினார். வெள்ளி, தன் பழைய சிறந்த நேரத்தைவிட 2.8 விநாடி குறைவு. கடந்த வருடம் முழுக்க அவரால் நான்கு பந்தயங்களில் மட்டுமே ஓட முடிந்தது. ஐந்தாவதற்குப் பணம் இல்லை."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். வறுமை முதல் பத்தியிலேயே வந்துவிட்டது, ஆசிரியரும் சமாதானம் ஆவார். அவரிடம் "பரிதாபமாக எழுத மாட்டேன்" என்று கொள்கை பேசாதீர்கள். "நான்கு பந்தயம், பதினொரு பந்தயம், எனக்கு இந்த விஷயம் கிடைத்திருக்கிறது, உதவித்தொகை தாமதமானதற்குத் தேதி இருக்கிறது, அதிகாரி தரப்பிலும் கேட்டுவிட்டேன்" என்று சொல்லுங்கள். இது மற்ற பத்திரிகைகளிடம் இருக்காது. ஆசிரியர்களுக்கு அந்த வாதம் புரியும். அதிகாரி தரப்பைக் கேட்பது பேச்சுக்காகச் சொல்லவில்லை. அவர்கள் பணத்தை அனுப்பி, நடுவில் வேறு யாரோ பிடித்து வைத்திருக்கவும் கூடும்.

கடைசியில் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டு "உதவ நினைப்பவர்கள்" என்று முடிக்கச் சொன்னால் தயங்குங்கள். குடும்பமே கேட்காதபோது அது அவர்களைக் கையேந்த வைப்பது. கேட்டாலும், கணக்கு யார் பெயரில் இருக்கிறது, வீராங்கனைக்குத் தெரியுமா என்று பார்க்க வேண்டும். கோச் பெயரிலோ சொந்தக்காரர் பெயரிலோ இருந்தால் போடவே கூடாது. அதைவிட, அடுத்த பருவத்தில் எந்தெந்தப் போட்டிகளில் ஓட வேண்டும், அதற்கு மொத்தம் எவ்வளவு ஆகும், அதில் எவ்வளவு ஏற்கெனவே உறுதியாகியிருக்கிறது என்று ஒரு பத்தி எழுதலாம். ஸ்பான்சர் செய்ய நினைக்கிறவருக்கு அது போதும், எதற்கு எவ்வளவு என்று தெரிந்தே வருவார்.

இந்த வாரம் பாராட்டு விழாவில் சிலர் பரிசுத்தொகை, வேலை, வீடு என்று அறிவிப்பார்கள். யார், எந்தத் தேதியில், எவ்வளவு என்று எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். அவரையும் கூப்பிட்டு, இந்தப் பருவத்தில் இதுவரை எத்தனை பந்தயம் ஓடினார், கூட்டத்துக்குள் ஓடிப் பார்த்தாரா, இரண்டாவது சுற்று இப்போது எத்தனை விநாடி என்று கேட்டு, அதை அடுத்த செய்தியாக எழுதிவிடுங்கள்.